ரீமேக்கை ஒப்பிடும்போது காதையும் திறந்து வைத்திருங்கள்

வியாசர்பாடியில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் மாதத்துக்கு ஒரு ஜோடிப் படம் போடுகிறோம். ஒரு சனிக்கிழமை மூலப்படம், அடுத்த சனிக்கிழமை அதன் ரீமேக். எழுத ஆசைப்படும் பிள்ளைகள் இரண்டையும் ஒப்பிட்டு எழுதி வருவார்கள், நான் படித்துத் திருத்திக் கொடுப்பேன். போன முறை மலையாள 'மணிச்சித்ரதாழு'வும் நம்முடைய 'சந்திரமுகி'யும். வந்த நான்கு கட்டுரைகளில் மூன்றில் ஒரே வாக்கியம் இருந்தது: "கட்டிலைத் தூக்கும் காட்சி இரண்டிலும் அப்படியே இருக்கிறது."

பல வருடங்களுக்கு முன்னால் நானும் இதே வாக்கியத்தை எழுதினேன். ஒரு சிறுபத்திரிகையில் அச்சிலும் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்தப் படம் உசத்தி என்று மார்க் போடுவது, ஷோபனாவா ஜோதிகாவா என்று சண்டை பிடிப்பது போன்றவற்றை யாரும் சொல்லாமலே நீங்கள் தவிர்த்துவிடுவீர்கள். கவனிக்காமல் விழுகிற குழிகளை மட்டும் சொல்கிறேன்.

## நடுவில் இருக்கும் படத்தை விட்டுவிடுவது

ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்ரதாழு' 1993-இல் வந்தது. 'சந்திரமுகி' 2005. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "ரஜினிக்காக இதை மாற்றினார்கள், அதைச் சேர்த்தார்கள்" என்று எழுதிவிடுகிறோம். நடுவில் 2004-இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' இருக்கிறது. விஷ்ணுவர்தனும் சௌந்தர்யாவும் நடித்த படம். அதை இயக்கிய அதே பி. வாசுதான் அடுத்த வருடம் 'சந்திரமுகி'யை இயக்கினார். மருத்துவராக வரும் கதாநாயகனே பழைய ராஜாவாகவும் வருவது கன்னடத்திலேயே நடந்துவிட்டது. பெரிய பாம்பும் அங்கேயே இருக்கிறது. 'ரா ரா' என்ற தெலுங்குப் பாட்டும் அப்படித்தான். தமிழில் இசை வித்யாசாகர், கன்னடத்தில் குருகிரண். நடுப்படத்தைப் பார்க்காமல் எழுதினால், கன்னட ரசிகருக்காகச் செய்த மாற்றத்தைத் தமிழ் ரசிகர் தலையில் கட்டிவிடுவீர்கள்.

## எந்த மொழி என்று கேட்காமல் விடுவது

இதுதான் என் பழைய தவறு. அன்று நான் பார்த்தது ஆங்கில சப்டைட்டில் போட்ட ஒரு டிவிடி. வாசித்துக்கொண்டே பார்த்தேன், வாசித்ததை வைத்தே எழுதினேன். சப்டைட்டிலில் எல்லா வசனமும் ஒரே ஆங்கிலமாக வரும். பேசுகிறவள் நடுவில் மொழியை மாற்றிவிட்டாள் என்பதைக் கீழே ஓடும் எழுத்து காட்டிக் கொடுக்காது.

காட்சியை நிதானமாகப் பாருங்கள். கங்கா வெளியே கிளம்ப நினைக்கிறாள், கணவன் நகுலன் போக வேண்டாம் என்று தடுக்கிறான். அதுவரை மலையாளத்தில் பேசிய மனைவி, முகம் மாற மாற, தமிழில் சீறுகிறாள். கட்டிலை ஒற்றைக் கையால் தூக்குகிறாள். அந்த நேரத்தில் அவள் தன்னை நாகவல்லியாகவே நினைத்துக்கொள்கிறாள். நாகவல்லி முன்னொரு காலத்தில் அந்த வீட்டுக்குத் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி, அவளுக்குத் தமிழ்தான் தெரியும். மலையாள ரசிகருக்கு அந்த இடத்தில் வயிற்றைக் கலக்குவது கட்டில் மட்டும் இல்லை. பக்கத்தில் இருப்பவள் நம் வீட்டுப் பெண் இல்லை என்பதை அவருக்கு முதலில் சொல்வது காதுதான். இதற்குப் படம் நெடுக அடித்தளம் போட்டிருக்கிறார்கள். 'பழந்தமிழ்ப் பாட்டிழையும்' என்று தொடங்கும் மலையாளப் பாட்டே, பழைய தமிழ்ப் பாட்டு கேட்கும் ஒரு வீட்டைத்தான் சொல்கிறது. 'ஒருமுறை வந்து பார்த்தாயா' பாட்டின் தமிழ் வரிகள் வாலி எழுதியவை. குரல்கூட ஒன்று இல்லை. கங்காவுக்குப் பேசியவர் பாக்யலட்சுமி. நாகவல்லியாகத் தமிழில் பேசியவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர்.

இந்தப் படத்தை நாம் பார்க்கும்போது என்ன நடக்கிறது? மலையாளம் பாதி புரிந்தும் புரியாமலும் போய்க்கொண்டிருக்கிறது. நாகவல்லி வாயைத் திறந்ததும் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. "அப்பாடா, தமிழ்" என்று நிமிர்ந்து உட்கார்கிறோம். மலையாளி எந்த இடத்தில் அந்நியமாக உணர்கிறாரோ, சரியாக அதே இடத்தில் நமக்குச் சொந்த வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கிறது. அந்த உணர்வை வைத்துக்கொண்டு மூலப்படம் பயமுறுத்தவில்லை என்று எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது இந்தக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். நாட்டியக்காரி தமிழே பேசினால் கங்காவுக்கும் அவளுக்கும் காதில் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். அதனால் சந்திரமுகி விஜயநகரத்திலிருந்து வந்த தெலுங்குக்காரி ஆகிறாள். ஜோதிகா கட்டிலைத் தூக்கும்போது தமிழ் தெலுங்காகிறது. 2007-இல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தபோது நாட்டியக்காரி மஞ்சுளிகா வங்காளி ஆனாள். ஒவ்வொரு ஊரிலும் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடியிருக்கிறார்கள்: இங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்டுப் பழகிய, ஆனால் தன்னுடையதல்லாத மொழி எது? ஒரு வார்த்தையும் புரியாத மொழி என்றால் வெறும் சத்தமாகப் போய்விடும். அக்கம்பக்கத்து மொழியாக இருந்தால்தான் பாதி பிடிபட்டு, மீதி கலங்கடிக்கும். "தெலுங்கு வியாபாரத்துக்காகத் தெலுங்குப் பாட்டு வைத்தார்கள்" என்று அன்று எழுதினேன். படத்தின் முதுகெலும்பையே வியாபார உத்தி என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ். ஒருநாள் டிவியில் 'ரா ரா' ஓடியபோது கூடத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஆயா மட்டும் பூண்டு உரித்துக்கொண்டே, "அவ ஆளை வா வான்னு கூப்பிடுறா நைனா. இதுல பயப்பட இன்னா கீது?" என்றார். தமிழ் கேட்டு நாம் நிமிர்ந்து உட்காருவதும், தெலுங்கு கேட்டு ஆயா பயப்படாமல் பூண்டு உரிப்பதும் ஒரே காரியம் என்று அன்றுதான் உறைத்தது.

அன்றிலிருந்து ஒப்பிடும் படங்களை இரண்டு முறை பார்க்கிறேன். முதல் முறை சப்டைட்டிலோடு, கதை புரிவதற்கு. இரண்டாவது முறை சப்டைட்டிலை அணைத்துவிட்டு, ஒரு நோட்டில் கோடு கிழித்து நான்கு பத்தி போட்டுக்கொள்வேன். காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, காதில் விழும் மொழி எது, கதைக்குள் அது யாருக்குப் புரிகிறது, அந்த ஊர் தியேட்டரில் யாருக்குப் புரியும். கட்டில் காட்சிக்கு இரண்டு படத்திலும் இதை நிரப்பிப் பாருங்கள். இரண்டாவது பத்தியில் மலையாளம்–தமிழ் என்பது தமிழ்–தெலுங்கு என்று மாறியிருக்கும். நான்காவது பத்தி மாறவே இல்லை: முதல் மொழி எல்லாருக்கும் புரியும், இரண்டாவது பாதிதான் புரியும். அந்தப் பத்தியை மாறாமல் வைத்திருக்கத்தான் இரண்டாவது பத்தியை மாற்றியிருக்கிறார்கள். "அப்படியே இருக்கிறது" என்று எழுத அதன் பிறகு கை வராது.

## வீட்டை வெறும் வீடாகப் பார்ப்பது

மாடம்பள்ளி ஒரு தறவாடு, நகுலனின் குடும்ப வீடு. நாகவல்லியைக் கொடுமை செய்த சங்கரன் தம்பி அந்தக் குடும்பத்தின் காரணவர். காரணவர் என்றால் கூட்டுக்குடும்பத்தை ஆளும் மூத்த ஆண். கேரளத்தில் இந்த ஒரு சொல் போதும், அவருக்கு எவ்வளவு அதிகாரம் என்று யாரும் விளக்க வேண்டாம். தமிழில் அந்தச் சொல்லுக்கு அந்த எடை கிடையாது. அதனால் சங்கரன் தம்பி வேட்டையன் ராஜா ஆனார், தறவாடு வேட்டையபுரம் அரண்மனை ஆனது. இது எல்லாருக்கும் தெரிகிறது.

தப்பிப்போவது இதற்கு அடுத்தது. தமிழில் கங்காவின் கணவன் செந்தில் அந்த அரண்மனையை விலைக்கு வாங்குகிறான். மலையாளத்தில் நாகவல்லி நகுலனைச் சங்கரன் தம்பியாகப் பார்க்கும்போது, அவன் உண்மையிலேயே அந்தக் குடும்பத்து ஆள், பழிக்கு ஒரு ரத்தத் தொடர்ச்சி இருக்கிறது. செந்திலுக்கும் வேட்டையனுக்கும் நடுவில் ஒரு பத்திரப்பதிவுதான் இருக்கிறது. பழியின் கனம் இதனால் குறைகிறது என்பது என் எண்ணம். குடும்பத்தின் பழைய பாவம் என்ற விஷயம் போய், பிடிவாதமாக வாங்கிய வீட்டில் வந்த வினை என்றாகிவிட்டது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம். ஆனால் வீடு எப்படிக் கைக்கு வந்தது என்று இரண்டு படத்திலும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

## எல்லா மாற்றத்துக்கும் ஊரைக் காரணம் காட்டுவது

மோகன்லால் நெடுநேரம் கழித்துத்தான் வருகிறார். ரஜினி தொடக்கத்திலேயே சண்டை போட்டு 'தேவுடா தேவுடா' பாடுகிறார். அது தமிழ்ப் பண்பாடு இல்லை, ரஜினி படம்.

## நினைவிலிருந்து எழுதுவது

கூடாது. மறுபடி பாருங்கள்.

## டப்பிங்கை ஒதுக்கிவிடுவது

டப்பிங் ரீமேக் இல்லை, சரி. ஆனால் 'சந்திரமுகி' தெலுங்கில் டப் ஆனபோது என்ன செய்தார்கள் என்று தேடிக் கேளுங்கள். ஜோதிகாவின் அதே முகம், அதே ஆட்டம், அதே மெட்டு. தெலுங்கு ரசிகருக்குத் தெலுங்கு அந்நியம் இல்லையே. அதனால் அங்கே 'ரா ரா'வை எடுத்துவிட்டு 'வாராய்' என்று தமிழ்ப் பாட்டாக வைத்தார்கள். ஒரு ஃபிரேம்கூடப் புதிதாக எடுக்காமல், ஒலியை மட்டும் மாற்றி அதே வேலையைச் செய்துவிட்டார்கள்.

இதை ஆயாவிடம் சொன்னேன். "போடு, கேக்கலாம்" என்றார். போனில் போட்டுக் காட்டினேன். முழுப் பாட்டையும் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "இதுலயும் வா வான்னுதானே கூப்பிடுறா" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தார்.