அப்பா விட்டுச்சென்ற கடை: பங்குக் கணக்கு பிசகும் இடங்கள்

அப்பா காலமான சில நாட்களில் கடையை யாராவது திறந்தாக வேண்டும். பெரும்பாலும் ஏற்கெனவே கல்லாவில் உட்கார்ந்து பழகிய பிள்ளைதான் திறப்பார். மற்றவர்கள் “சரி, இப்போதைக்கு நீயே பார்த்துக்கொள்” என்பார்கள். ஒரு வருடம் கழித்து, “ராப்பகலாக உழைத்தவன் நான்” என்பார் அண்ணன். “கடை மூன்று பேருக்கும் சொந்தம், என் பங்கு லாபம் எங்கே?” என்பார் தம்பி. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உழைப்புக்கான கூலியையும் சொத்துக்கான வருமானத்தையும் ஒரே தொகையாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை வளர்கிறது.

முதல் தவறு, இறந்த தேதியில் கணக்கை மூடாமல் விடுவது. அன்று வரை இருந்த சரக்கு, ரொக்கம், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் எல்லாம் அப்பா விட்டுச்சென்றவை. மறுநாளிலிருந்து நடப்பது வாரிசுகளின் வியாபாரம். நடுவில் கோடு கிழிக்கவில்லை என்றால், பிறகு வரும் பணம் பழைய சரக்கு விற்ற முதலா, புதிய லாபமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வாரிசுகள் எல்லோரும், அல்லது அவர்கள் சார்பில் ஒருவர், கூட இருந்து சரக்கு இருப்பை எடுக்க வேண்டும். கொள்முதல் விலை, இன்று விற்றால் செலவு போக உண்மையில் கிடைக்கும் தொகை, இவற்றில் எது குறைவோ அதையே மதிப்பாகப் போட வேண்டும். எம்.ஆர்.பி.யைப் பெருக்கிப் போட்டால் இன்னும் வராத லாபத்தையும் சேர்த்துப் பங்கு போட்டதாகிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அண்ணன், தம்பி, தங்கை மூவருக்கும் சமபங்கு என்று வைத்துக்கொள்வோம் (உயிலும் அந்தந்த நாட்டு வாரிசுச் சட்டமும் வேறு விகிதம் சொல்லலாம்). கொள்முதல் விலையில் சரக்கு 10 லட்சம். அதில் 2 லட்சத்துக்கு விலைபோகாத பழைய சரக்கு. கடன் நோட்டில் 3 லட்சம் வர வேண்டும். அதில் 1 லட்சம் திரும்பி வரும் என்று கடைப் பையன்கூட நம்பவில்லை. ரொக்கம் 1 லட்சம். சப்ளையர்களுக்குத் தர வேண்டியது 5 லட்சம். ஆக 8, 2, 1 கூட்டி 5 கழித்தால் மிஞ்சுவது 6 லட்சம், ஆளுக்கு 2 லட்சம். நோட்டில் இருப்பதை அப்படியே கூட்டியிருந்தால் 9 லட்சம் என்று வந்திருக்கும். தம்பியும் தங்கையும் ஆளுக்கு 3 லட்சம் கேட்டு நின்றிருப்பார்கள்.

அடுத்த ஒரு வருடம் அண்ணன் கடையை நடத்துகிறார். சரக்கு, சம்பளம், மின்சாரம், வரி எல்லாம் போக 6 லட்சம் மிச்சம். இதை அப்படியே மூன்றாகப் பிரித்தால் அண்ணன் கூலியில்லாமல் உழைத்தவர் ஆகிறார். மொத்தத்தையும் அவரே வைத்துக்கொண்டால் மற்ற இருவரின் முதலும் இடமும் இலவசமாக ஓடியிருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இதே வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்திருந்தால் எவ்வளவு கொடுத்திருப்போம்? 3 லட்சம் என்று வைப்போம். கட்டடமும் மூவருக்கும் பொது என்பதால் அதற்கு வெளியில் கிடைக்கும் வாடகை 1.2 லட்சத்தையும் ஒதுக்க வேண்டும். மீதி 1.8 லட்சம்தான் லாபம். வாடகையில் ஆளுக்கு 40 ஆயிரம், லாபத்தில் ஆளுக்கு 60 ஆயிரம். அண்ணனுக்கு 4 லட்சம், மற்ற இருவருக்கும் ஆளுக்கு 1 லட்சம். சம்பளத் தொகையை வருடக் கடைசியில் பேசினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கடை திறக்கும் வாரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

“அப்படியானால் என் 1 லட்சத்தைக் கொடு” என்று தங்கை கேட்கும்போது கல்லாவில் பணம் இருக்காது. வீட்டுச் செலவுக்கு என்று அண்ணன் அவ்வப்போது எடுத்தது 5 லட்சம்; மீதி 1 லட்சம் அலமாரியில் புதுச் சரக்காக உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு உரியது 4 லட்சம், எடுத்தது 5. கூடுதலான அந்த 1 லட்சம் அவர் பேரில் பற்று. இதைத் திருட்டு என்று கத்த வேண்டியதில்லை, பற்று எழுதாமல் விட்டதுதான் தவறு. அதேபோல, சரக்கு வாங்க அண்ணன் தன் சொந்தப் பணத்தைப் போட்டிருந்தால், அது கடனா, கூடுதல் முதலா, வட்டி உண்டா என்பதைப் போட்ட அன்றே எழுத வேண்டும்.

வாரிசுகளில் ஒருவர் அப்பா இருக்கும்போதே சட்டப்படி கூட்டாளியாக இருந்திருந்தால் நிலைமை வேறு. கணக்கு முடிக்காமல் அவர் தொழிலைத் தொடர்ந்தால், இறந்தவர் பங்கைப் பயன்படுத்திச் சம்பாதித்த லாபத்தையோ, அந்தப் பங்குக்கு வட்டியையோ, எது வேண்டுமோ அதை வாரிசுகள் கேட்கலாம். 1890ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கூட்டாண்மைச் சட்டத்தில் அந்த வட்டி 5 சதவீதம், 1932ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தில் 6 சதவீதம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் செல்லும். எனவே பழைய கூட்டாண்மைப் பத்திரத்தைத் தேடி எடுக்காமல் பேச்சுவார்த்தைக்கு உட்காராதீர்கள்.

நஷ்டம் என்றால் பேச்சே மாறிவிடும். அதே கடையில் வருட மிச்சம் 6 லட்சத்துக்குப் பதில் 2 லட்சம்தான் என்றால், சம்பளமும் வாடகையும் சேர்ந்த 4.2 லட்சத்துக்கு 2.2 லட்சம் குறைகிறது. பங்குப்படி பிரித்தால் ஆளுக்குச் சுமார் 73 ஆயிரம் நஷ்டம். தங்கைக்கு வாடகையில் வரும் 40 ஆயிரம் போக, 33 ஆயிரம் கையை விட்டுப் போகும். கடைப் பக்கமே வராதவரிடம் பணம் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். அவர் தொடர்ந்து நடத்தச் சம்மதித்தாரா, இல்லை மூடச் சொல்லி எழுதிக்கொடுத்தும் அண்ணன் நடத்தினாரா என்பதே அங்கே கேள்வி. யாரையும் கேட்காமல் புதுச் சரக்கு வகையில் இறங்கி நட்டப்பட்டால், அதை மற்றவர் தலையில் கட்டுவது கடினம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை எல்லோருக்கும் அனுப்பி, நடத்துபவரின் சம்பளத்தைக்கூட ஈட்டாத காலாண்டு தொடர்ந்து இரண்டு வந்தால் மூடுவோம் என்று முன்பே பேசிவைப்பது நல்லது. அப்பாவின் கடனுக்கு எதுவரை பொறுப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அவர் மறைவுக்குப் பின் புதிதாக வாங்கும் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர் சொந்தப் பொறுப்பில் மாட்டிக்கொள்கிறார். உறவுக்காகப் போடும் ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான்.

மூடுவது என்று முடிவானால் பலரும் முதலில் பலகை மாட்டி, ‘சரக்குத் தீரும் வரை தள்ளுபடி’ என்று அறிவிப்பார்கள். அப்புறம் கடன் நோட்டில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். கடை தொடரும் என்றால்தான் அவர்களுக்குப் பாக்கியைக் கட்டும் அவசியம். அதனால் அறிவிப்புக்கு முன்பே வசூலைத் தொடங்க வேண்டும். உடனே கட்டினால் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம் என்றும் சொல்லலாம். பிரிக்காத பெட்டிகளை எந்த சப்ளையர் திரும்ப எடுப்பார் என்று கேட்டு, அதைக் கடனில் கழித்துக்கொள்ளலாம். வரும் பணமெல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் சேர வேண்டும். அதிலிருந்து ஊழியர் சம்பளம், வரி, சப்ளையர், அடமானக் கடன் ஆகியவற்றை ஊர்ச் சட்டம் சொல்லும் வரிசையில் தீர்த்த பிறகுதான் வாரிசுகள் கை நீட்டலாம். “ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு சரக்கை எடுத்துக்கொள்வோம்” என்று முதலிலேயே பிரித்தால், கடன்காரர் வரும்போது யார் எதை எவ்வளவுக்கு விற்றார் என்று சொல்ல ஆள் இருக்காது.

மிஞ்சிய சரக்கை அண்ணனே எடுப்பதில் தவறில்லை. விலையை மட்டும் அவர் வைக்கக் கூடாது. அதே தொழிலில் இருக்கும் வெளியாள் ஒருவர் மதிப்பிடட்டும். அந்த விலைக்கு எடுக்க மற்றவர்களுக்கும் வாய்ப்பு தரட்டும். கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வாடிக்கையாளர்கள் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்துத் தெருவில் அதே பெயரில் புதுக் கடை திறப்பவருக்கு அது ஆயத்தமான வியாபாரம். அதற்கும் ஒரு தொகை உண்டு.