சாவி கைமாறும் காட்சி: நோக்கத்தையும் தடையையும் வைத்து எழுதுவது எப்படி?

மகள் அப்பாவிடம் கார் சாவியைக் கேட்கிறாள், அப்பா தர மாட்டேன் என்கிறார். இந்த ஒரு காட்சியை ஆறு முறை எழுதினேன். முதல் ஐந்தும் வெறும் வாக்குவாதமாகவே நின்றுவிட்டன. ஆறாவதில்தான் அது காட்சியாக மாறியது. நடுவில் என்ன மாற்றினேன் என்பதை அதே காட்சியை வைத்து இங்கே சொல்கிறேன். உங்களிடம் ஒரு கதையும் அதில் எதிரெதிரே நிற்க இரண்டு ஆட்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சூழல் இதுதான். அப்பாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, ஆனாலும் கார் ஓட்டுவதை விடவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் மீரா இரண்டு நாள் வந்து தங்கிவிட்டு இன்று இரவு ரயிலில் திரும்புகிறாள்.

முதல் படி: நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யார், யாரிடமிருந்து, எதை, எப்போதுக்குள். இந்த நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

"மீரா, ரயிலுக்குக் கிளம்புவதற்குள், அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்கிவிட வேண்டும்."

நான் முதலில் எழுதியிருந்த வாக்கியம் வேறு: "அப்பா தன் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மீரா விரும்புகிறாள்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா புரிந்துகொண்டாரா இல்லையா என்பதை வாசகர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? காட்சி முடியும்போது சாவி யார் கையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். அன்பு, மதிப்பு, மன்னிப்பு போன்றவை உங்கள் பாத்திரத்துக்கு வேண்டுமென்றால், அதற்குக் கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஓர் உருவம் தேடுங்கள். சாவி, கையெழுத்து, ஒரு பழைய படம், "நானும் வர்றேன்" என்ற ஒரு சொல், எதுவானாலும் சரி.

"கிளம்புவதற்குள்" என்ற கெடுவையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மீரா நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம், வாசகரும் நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாஸ்கோ கலை அரங்கத்தை 1898-இல் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, நடிகர்களுக்கு இதையேதான் கற்றுக்கொடுத்தார்: மேடையில் ஏறும்போது உன் பாத்திரத்துக்கு இப்போது என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஏறு. அதற்கு அவர் பயன்படுத்திய ரஷ்யச் சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தில் போடும் கணக்கு என்றும் பொருள் உண்டு. நாமும் "அவன் ஏதோ ஒரு கணக்கோடுதான் வந்திருக்கிறான்" என்கிறோம் இல்லையா? நோக்கம் என்ற சொல்லைவிட இந்தக் "கணக்கு" எனக்கு அதிகம் உதவியது. காட்சிக்குள் வரும் ஒவ்வொருவரும் என்ன கணக்கோடு வருகிறார் என்று கேட்டால் பதில் தானாகவே கூர்மையாகிவிடுகிறது.

இரண்டாம் படி: கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

ஒரு வரி போதும். சாவி கிடைக்காவிட்டால் நாளை காலை அப்பா தனியாகக் காரை எடுப்பார். அவ்வளவுதான். இதைக் காட்சிக்குள் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, எழுதும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

மூன்றாம் படி: தடையாக இருப்பவரின் கணக்கு

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தடை என்றதும் முதலில் மழையைக் கொண்டுவந்தேன். அடுத்த வரைவில் மின்சாரம் போனது. அதற்கடுத்து சாவியே தொலைந்துபோனது. பரபரப்பு வந்தது, முரண் வரவில்லை. மழையிடம் மீராவால் பேச முடியாது. அவள் ஒரு வழியை மாற்றினால் மழை தன் வழியை மாற்றாது. இவை காட்சியை நெருக்கிப் பிடிக்க உதவும், அவ்வளவே. எதிரில் மனம் உள்ள ஓர் ஆள் வேண்டும்.

சரி என்று அப்பாவையே தடையாக வைத்தேன். வந்தது இது:

"சாவியைக் கொடுங்கப்பா."

"முடியாது."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லது எனக்குத் தெரியும்."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"அவர் சொல்லுவார்."

இப்படியே மூன்று பக்கம். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், "எந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாலும் தெரியாது" என்றார். உண்மைதான். ஒருவர் தள்ளுகிறார், இன்னொருவர் சுவர் மாதிரி நிற்கிறார். சுவருக்குச் செய்ய வேறு வேலையே இல்லை.

பிறகு ஒருநாள், முதல் படியில் மீராவுக்கு எழுதிய அதே வாக்கியத்தை அப்பாவுக்கும் எழுதிப் பார்த்தேன். "அப்பா, மீரா கிளம்புவதற்குள், சாவியைக் கொடுக்காமல் இருக்க வேண்டும்." கோளாறு கண்ணுக்கு எதிரே இருந்தது: "கொடுக்காமல்." உங்கள் தடையின் வாக்கியத்தில் -ஆமல், கூடாது, மாட்டார், மறுக்கிறார் என்று எதிர்மறை வந்தால், அந்த ஆளுக்கு இன்னும் கணக்கு கிடைக்கவில்லை என்று பொருள். எதிர்மறை இல்லாமல் திருப்பி எழுதுங்கள். அவருக்கு என்ன வேண்டும்?

யோசித்தபோது கிடைத்தது இது: "அப்பா, எப்போதும் போல இன்றும், மகளைத் தானே ஓட்டிக்கொண்டுபோய் ரயில் ஏற்றிவிட வேண்டும்."

இப்போது பாருங்கள். இரண்டு பேருக்கும் வேண்டியது அதே சாவி, அதே மாலை. ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் கண்டிப்பாகத் தோற்பார். அதோடு அப்பா கெட்டவரும் இல்லை, பிடிவாதக்காரரும் இல்லை. அவர் குறுக்கே நிற்பதே பாசத்தால்தான். மீரா வெளிப்படையாகக் கோபப்படவும் முடியாது. நான் வலிந்து உண்டாக்கப் பார்த்த இறுக்கம் இந்த ஒரு வாக்கியத்தில் தானாக வந்து உட்கார்ந்தது.

இரண்டு கணக்கும் உண்மையிலேயே மோதுகின்றனவா என்று சோதிக்க ஒரு கேள்வி உண்டு: இருவரும் பேசி ஒரு சமரசத்துக்கு வர முடியுமா? முடியும் என்றால் இன்னும் நெருக்குங்கள். என் ஐந்தாவது வரைவில் மீராவுக்கே கார் ஓட்டத் தெரிந்திருந்தது. அவள் ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வர, எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். ஆறாவதில் அவளுக்கு ஓட்டத் தெரியாது என்று மாற்றினேன்.

நான்காம் படி: வழியை மாற்றிக்கொண்டே போங்கள்

நோக்கம் காட்சி முழுக்க ஒன்றுதான். அதை அடையும் வழி மட்டும் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மாற வேண்டும்.

"வாடகை வண்டி சொல்லியாச்சுப்பா, நீங்க சிரமப்படாதீங்க."

"வேண்டாம்னு சொல்லிடு. பெட்டியைப் பின்சீட்டுல வெச்சுட்டேன்."

"இருட்டிடுச்சேப்பா."

"இந்த வழியில இருட்டுல எத்தனை தடவை கொண்டுபோய் விட்டிருக்கேன்?"

"ராத்திரில ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"அது பழைய கண்ணாடிக்குச் சொன்னது. நீ ஏறு, நேரமாகுது."

"அப்பா, நம்ம கேட் தூண்ல கார் பெயின்ட் ஒட்டியிருக்கு. பார்த்தேன்."

அவர் பதில் சொல்லவில்லை. ஏற்கெனவே துடைத்திருந்த முன்கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில், அது எதிராளியை என்ன செய்கிறது என்று ஒரு வினைச்சொல் எழுதுங்கள். மீராவின் பக்கம் இப்படி வரும்: நைசாக விலக்குகிறாள், தயங்க வைக்கப் பார்க்கிறாள், மருத்துவரைத் துணைக்கு இழுக்கிறாள், குத்துகிறாள். அடுத்தடுத்து ஒரே வினை வந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள். என் பழைய வரைவில் மூன்று பக்கத்துக்கும் "வற்புறுத்துகிறாள்" என்ற ஒரே வினைதான் கிடைத்தது.

வரிசையும் முக்கியம். தூண் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு மீராவிடம் சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது. பாத்திரத்துக்குச் சொல்ல மனமில்லாததைக் கடைசிக்கு வையுங்கள், மற்ற எல்லா வழியும் அடைபட்ட பிறகு.

இந்தப் படியை நான் தாளில் மட்டும்தான் செய்வேன். ஓரம் அகலமாக விட்டு அச்செடுத்து, பென்சிலால் வினைகளை எழுதுவேன். காட்சி அமைப்புக்கென்றே இருக்கும் மென்பொருள்களையும் முயன்று பார்த்தேன். அவை கேட்கும் கட்டங்களை எல்லாம் நிரப்பி முடிப்பதற்குள் காட்சி ஆறிப்போகிறது. ஒரு தாள், நான்கைந்து வினைகள், இது போதும் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: முடிவு

கிடைத்தது, கிடைக்கவில்லை என்று இரண்டு முடிவுகள்தான் முதலில் தோன்றும். தொடர்கதைக்கு நான் நம்புவது மூன்றாவதை: கிடைத்தது, ஆனால்.

அப்பா சாவியை மீராவின் உள்ளங்கையில் வைக்கிறார். "பத்திரமாப் போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். முற்றத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அவர் கை சுவரைத் தடவிக்கொண்டே போகிறது.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. கூடவே, பிரச்சினை கார் மட்டும் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. இவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படி ரயில் ஏறுவது? அடுத்த காட்சியின் நோக்கம் இந்தக் காட்சியின் கடைசி வரியிலேயே பிறந்துவிடுகிறது.

பின்சேர்க்கை

இதை வைத்து எழுதிப் பார்த்த சிலர் இரண்டு இடத்தில் சிக்கியதாக எழுதியிருந்தார்கள்.

ஒன்று, பாத்திரம் தனியாக இருக்கும் காட்சி. எதிரில் ஆள் இல்லையே, தடை யார்? அப்போது ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு கொடுங்கள், இரண்டுக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய உருவம் கொடுங்கள். ரயில் நிலையத்தில் மீரா தனியாக நிற்கிறாள். ஒரு கையில் பயணச்சீட்டு, இன்னொரு கையில் சாவி. பெட்டியைத் தூக்குகிறாள், வைக்கிறாள், திரும்பி வாசலைப் பார்க்கிறாள். "அவள் மனம் தவித்தது" என்று எழுத வேண்டிய தேவையே வராது.

இரண்டாவது, பாத்திரங்கள் தங்கள் நோக்கத்தை வாய்விட்டுச் சொல்லலாமா? மீராவைப் போல ஒருவர் சொல்லலாம். இருவரும் சொல்லிவிட்டால் வாசகர் கண்டுபிடிக்க எதுவும் இருக்காது. என் முந்தைய வரைவொன்றில் அப்பா, "உன்னைக் கொண்டுவிடறது ஒண்ணுதான் எனக்கு மிச்சம் இருக்கு" என்று சொன்னார். அந்த வரியை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் எடுத்துவிட்டேன். பெட்டியை அவரே பின்சீட்டில் ஏற்றி வைத்ததும், துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்ததும் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டன.