லாரி பார்சலில் வந்த பழங்கண்ணாடி உடைந்திருந்தால் இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுவது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்களும், சென்னையில் பழுது பார்த்த வீட்டுப் பொருளைச் செட்டிநாட்டு ஊர்களுக்குத் திரும்ப வரவழைக்கிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "இன்சூரன்ஸ் இருக்கு, ஆனா உடைஞ்சு வந்திருக்கு, இப்ப என்ன செய்யணும்?" பெரும்பாலும் அந்தக் கேள்வி வரும்போது லாரி ஆபீஸ் கூடோனில் கையெழுத்து போட்டு முடித்திருப்பார்கள். கிளெய்ம் நிற்பதும் விழுவதும் அந்தக் கையெழுத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தில்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புரிவதற்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டில், தேக்குச் சட்டத்தில் பதித்த பெரிய பெல்ஜியம் கண்ணாடி. சட்டத்தைச் சரிசெய்யச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்து லாரி பார்சலில் காரைக்குடிக்கு வருகிறது. மதிப்பு 1,80,000 ரூபாய். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும், அதே தொகைக்கு டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள்.

பார்சல் வருவதற்கு முன்: பாலிசியில் மூன்று வரிகளைப் பாருங்கள்

முதலில், எந்த கிளாஸ் என்று பாருங்கள். உள்நாட்டுப் போக்குவரத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று உண்டு. சி என்பது தீ, இடி மின்னல் அளவில் நின்றுவிடும். பி-யில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட விபத்துகள் மட்டும்: வண்டி கவிழ்வது, மோதுவது போன்றவை. ஏற்றி இறக்கும்போது கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டால் அதற்குப் பணம் கிடைக்க ஏ கிளாஸ் தேவை. கண்ணாடி, பீங்கான், ஓவியம் எதுவானாலும் ஏ-யைத் தவிர வேறு எடுப்பதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து.

இரண்டாவது, பயணம் எங்கே முடிகிறது என்பது. பாலிசியில் "சென்னை முதல் காரைக்குடி வரை" என்று இருந்தால், காரைக்குடி லாரி ஆபீசிலிருந்து கானாடுகாத்தானுக்குக் குட்டியானையில் ஏற்றிப்போகும் பயணம் அதில் சேராது. "கானாடுகாத்தான் வீடு வரை" என்று முகவரியோடு எழுதி வாங்குங்கள். அதோடு இன்னொன்று. சரக்கு போய்ச் சேர வேண்டிய ஊருக்கு வந்து ஏழு நாள் ஆகிவிட்டால், வீட்டுக்கு வராவிட்டாலும் பாதுகாப்பு முடிந்துவிடும் என்றுதான் வழக்கமான விதி இருக்கிறது. ஊரில் விசேஷம், அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று கூடோனிலேயே விட்டுவைக்காதீர்கள்.

மூன்றாவது, எவ்வளவுக்கு இன்சூர் செய்திருக்கிறீர்கள் என்பது. இதன் விளைவைக் கணக்குப் போடும் இடத்தில் சொல்கிறேன்.

லாரி ரசீதில், அதாவது எல்.ஆரில், ரிஸ்க் கட்டணம் என்று ஒரு சிறு தொகை பிடித்திருப்பார்கள். பலர் அதையே இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது லாரிக்காரர் பொறுப்பு சம்பந்தப்பட்டது, இன்சூரன்ஸ் பாலிசி அல்ல. சரக்கின் மதிப்பைக் கூட்டி அறிவித்து அதற்குரிய கட்டணம் கட்டாவிட்டால், லாரி கம்பெனியின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 1,200 ரூபாய் என்றால் அவர்களிடமிருந்து அதிகபட்சம் 12,000. கண்ணாடியின் விலை 1,80,000. தனியாகப் பாலிசி எடுப்பது இதற்காகத்தான்.

கூடோனில்: எழுதிவிட்டுக் கையெழுத்து போடுங்கள்

பார்சலைச் சுற்றி நான்கு பக்கமும் பாருங்கள். மரச்சட்டப் பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதா, ஆணி பிடுங்கியிருக்கிறதா, ஈரக்கறை இருக்கிறதா, மெதுவாகச் சாய்த்தால் சலசலப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள். நம் உதாரணத்தில் வலது மேல் மூலை உள்வாங்கியிருக்கிறது, உள்ளே கண்ணாடிச் சத்தமும் கேட்கிறது.

"அண்ணே, கையெழுத்தைப் போட்டு எடுத்துட்டுப் போங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்பார் கிளார்க்.

"இல்ல தம்பி, மூலை உடைஞ்சிருக்கு. அதை எழுதிட்டுத்தான் கையெழுத்து போடுவேன்" என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம். எல்.ஆரின் டெலிவரி நகலில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: "வலது மேல் மூலை நசுங்கி, உள்ளே கண்ணாடி உடைந்த சத்தத்துடன் பெறப்பட்டது. உள்ளிருக்கும் சேதம் பரிசோதனைக்கு உட்பட்டது." தேதி, நேரம் போட்டு, கிளார்க்கின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அவர் மறுத்தால் மறுத்தார் என்பதையும் எழுதி, அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற அச்சு வரிக்குக் கீழே வெறும் கையெழுத்து போட்டுவிட்டால் என்ன ஆகும்? இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்தபிறகு உங்கள் இடத்தில் நின்று லாரி கம்பெனியிடம் அதைத் திரும்பக் கேட்கும் உரிமை பெறுகிறது. இதற்கு சப்ரொகேஷன் என்று பெயர். உங்கள் கையெழுத்தே சரக்கு நன்றாக வந்தது என்று சொன்னால், அவர்கள் லாரிக்காரரிடம் எதைக் காட்டிக் கேட்பார்கள்? அவர்கள் உரிமையை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்லி உங்கள் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

சேதம் வெளியே தெரிந்தால் ஓபன் டெலிவரி கேளுங்கள். அதாவது அவர்கள் ஆள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, உள்ளே என்ன உடைந்தது என்று எழுதிக் கொடுப்பது. கொடுத்தால் மிக நல்லது. பின்னால் கேட்கப்படும் சேதச் சான்றிதழுக்கு அதுவே அடிப்படை.

அதே நாளில்: தகவலும் படமும்

இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணில் சொல்லி, கிளெய்ம் எண் வாங்கி, மின்னஞ்சலும் அனுப்புங்கள். பாலிசி எண், எல்.ஆர். எண், எங்கே எப்போது பெற்றது, என்ன சேதம், பொருள் இப்போது எங்கே இருக்கிறது, உத்தேச இழப்பு எவ்வளவு என்ற விவரங்கள் போதும். முழு பாலிசித் தொகையையும் இழப்பாக எழுதாதீர்கள். சட்டம் பிழைத்திருக்கும்போது 1,80,000 என்று எழுதினால் ஆரம்பத்திலேயே நம்பிக்கை கெட்டுவிடும்.

படங்களை இந்த வரிசையில் எடுங்கள்: பெட்டி முழுதும், நசுங்கிய மூலை, பெட்டி மேல் ஒட்டிய லேபிள், திறந்ததும் மேலிருந்த மெத்தைப் பொருள், அதை விலக்கியதும் கண்ணாடி. ஒவ்வொரு அடுக்காக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. "பேக்கிங் போதாது" என்பதுதான் இத்தகைய கிளெய்ம்கள் மறுக்கப்படும் முக்கியக் காரணம், எந்த கிளாஸிலும் அது விலக்கு. கண்ணாடியின் இரு பக்கமும் தெர்மோகோல், மூலைக்கு மூலை அட்டைக் காப்பு, வெளியே மரப்பெட்டி என்று படத்தில் தெரிந்தால் அந்தப் பேச்சு எழாது. சென்னையில் பேக் செய்தபோது எடுத்த படங்களையும் அனுப்பியவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எதையும் துடைக்காதீர்கள், தூக்கி எறியாதீர்கள். பெட்டி, வைக்கோல், உடைந்த துண்டுகள் எல்லாம், இழப்பை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். மிகப் பழைய கண்ணாடிகளின் பின்பூச்சில் பாதரசம் இருக்கக்கூடும், கையுறை இல்லாமல் துண்டுகளைத் தொடவேண்டாம். வளவில் குழந்தைகள் ஓடும் இடமென்றால் ஓர் அறையில் வைத்துப் பூட்டுங்கள்.

லாரி கம்பெனிக்கு நோட்டீஸ்

இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். லாரிக்காரர் மீது வழக்குப் போட, சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டின் சாலைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. டெலிவரி நாளிலிருந்து அல்ல, புக்கிங் நாளிலிருந்து. முதல் வாரத்திலேயே ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். எல்.ஆர். விவரம், சேதம், கேட்கும் தொகை, சேதச் சான்றிதழ் தரும்படி கோரிக்கை எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். நகல், தபால் ரசீது, டெலிவரி ஆனதற்கான அத்தாட்சி மூன்றையும் வையுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை, அனுப்பியதற்கு ஆதாரம் இருந்தால் போதும்.

சர்வேயர் வரும்போது

பெரிய இழப்புக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வருவார். ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் கம்பெனி தன் ஊழியரையே அனுப்பலாம், வீடியோவிலும் பார்க்கலாம். அவர் மூன்றைத்தான் தேடுகிறார்: சேதம் பயணத்தில்தான் நடந்ததா, பேக்கிங் சரியாக இருந்ததா, சரிசெய்ய நியாயமாக எவ்வளவு ஆகும். முதல் கேள்விக்கு, பெட்டி நசுங்கிய மூலையும் உள்ளே விரிசல் தொடங்கும் மூலையும் ஒன்றே என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது. சட்டத்தில் முன்பே இருந்த பூச்சி அரிப்பு, மங்கிய பூச்சு இவற்றை மறைக்காமல் நீங்களே சொல்லுங்கள். அதைக் கிளெய்மில் சேர்க்காவிட்டால் அவர் மீதியை எளிதாக ஏற்பார்.

அவர் கையில் கொடுக்க ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும். பாலிசி நகல், நிரப்பிய கிளெய்ம் படிவம், வாங்கிய பில் அல்லது மதிப்பீட்டாளர் சான்று, குறிப்பு எழுதிய எல்.ஆர்., லாரி கம்பெனியின் சேதச் சான்று, நோட்டீஸ் நகல், படங்கள், பழுதுச் செலவு மதிப்பீடு, வங்கிப் புத்தக நகல் அல்லது கேன்சல் செய்த செக், அடையாளச் சான்று. தலைமுறைப் பொருளுக்கு பில் இருக்காது. அதற்குப் பதில், அனுப்பும் முன்பே மதிப்பீட்டுச் சான்று எடுத்து, அந்த மதிப்பைப் பாலிசியில் ஒப்புக்கொண்ட மதிப்பாக எழுதி வாங்கியிருக்க வேண்டும். உடைந்தபின் எடுக்கும் சான்றுக்கு எடை குறைவு.

கணக்கு எப்படி வரும்?

நம் கண்ணாடிக்கு ஆசாரி கொடுத்த மதிப்பீடு: சட்ட மூலையும் செதுக்கு வேலையும் 22,000, ஓரம் சாய்த்த புதுக் கண்ணாடி 18,000, பாலிஷ் 8,000. மொத்தம் 48,000. ஒரு பக்கம்தான் அடிபட்டது என்று சர்வேயர் பாலிஷில் பாதியை மட்டும் ஏற்கிறார். ஆக 44,000. பாலிசியில் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை 2,000 என்றால், கைக்கு வருவது 42,000.

இதே கண்ணாடியை, பிரீமியம் குறையட்டும் என்று 90,000-க்கு மட்டும் இன்சூர் செய்திருந்தால்? பாதி மதிப்புக்குத்தான் பாதுகாப்பு என்பதால் 44,000-இல் பாதி, 22,000. அதில் 2,000 கழித்து 20,000. சேதம் 90,000-க்குள்தானே இருக்கிறது என்று வாதிட்டுப் பயனில்லை, விகிதம் அப்படித்தான் போடப்படும்.

பழைய கண்ணாடி போய்ப் புதிது வந்ததால் பொருளின் மதிப்பே குறைந்துவிட்டதே என்று ஆச்சி கேட்பார், நியாயமான கேள்வி. சாதாரண டிரான்சிட் பாலிசி பழுதுச் செலவைத்தான் தரும். மதிப்பு இறக்கத்துக்கும் பணம் வேண்டுமென்றால், கலைப்பொருள் பாலிசியில் அதற்கென்று தனி வாசகம் இருக்க வேண்டும்.

தொகையை ஒப்புக்கொண்டதும் சப்ரொகேஷன் கடிதத்தில் கையெழுத்து கேட்பார்கள், போடலாம். தொகை குறைவாக இருந்தால், முழுத் திருப்தி என்ற வாசகத்தில் கையெழுத்திடும் முன் சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த வரியில் உடன்பாடு இல்லை என்று கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். bimabharosa.irdai.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, மறுத்தாலோ, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் மனு கொடுக்கலாம். மறுப்பு வந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். மனுவோடு முதலில் வைக்க வேண்டிய தாள், கூடோனில் நீங்கள் குறிப்பு எழுதிய அந்த எல்.ஆர். நகல்.