மல்டிமீட்டர் லீட் வாங்கும்போது பண்ற தப்புங்க, முக்கியமா அந்த நீட்டு முனை

நம்ம சுங்கை சிப்புட் பக்கம் யாராச்சும் மல்டிமீட்டர் வாங்கணும்னு வந்தா மீட்டரைப் பத்தித்தான் கேப்பாங்க, எந்த பிராண்டு, எத்தனை வெள்ளி, ஆட்டோ ரேஞ்ச் இருக்கா, கெப்பாசிட்டர் பாக்குமான்னு. லீட்டைப் பத்தி ஒரு கேள்வியும் வராது. செவப்பு ஒண்ணு கருப்பு ஒண்ணு, டப்பாவோட வரும், அறுந்து போனா பாசார் மாலத்துல சில்லறை காசுக்கு இன்னொரு ஜோடி எடுத்துக்கலாம்னு ஒரு நெனப்பு. ஆனா வேல செய்யும்போது மீட்டரு எங்கயோ ஓரமா தொங்கிக்கிட்டு இருக்கும், கையில இருக்கறது லீட்டு தான், கரண்டுக்கும் விரலுக்கும் நடுவுல இருக்கறதும் அந்த பிளாஸ்டிக்கு மட்டும்தான்.

முதல் தப்பு வோல்ட்டை மட்டும் பாத்து வாங்கறது. "அண்ணே இதுல 1000 வோல்ட்டுன்னு போட்டிருக்கு, வீட்டுல 230 தான, த்ரீ பேஸே 400 தான, போதாதா"ன்னு கேப்பானுங்க. போதாது, ஏன்னா அந்த 230ம் 400ம் சாதாரணமா ஓடிக்கிட்டு இருக்கற வோல்ட்டேஜ். நம்ம ஊரு மழை தெரியும்ல, மத்தியானம் வரைக்கும் வெயிலு கொளுத்தும், சாயங்காலம் இடி. எங்கயோ தூரத்துல லைன்ல விழுந்த மின்னல், இல்லாட்டி பக்கத்து மில்லுல பெரிய மோட்டார் ஆன் ஆஃப் பண்றது, இதெல்லாம் லைன்ல கண்ணு மூடி தொறக்கறதுக்குள்ள ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஏத்திட்டு போயிடும். அந்த நேரத்துல லீட்டோட இன்சுலேஷன் தாங்கலன்னா உள்ள ஒரு ஸ்பார்க் ஓடும், ஸ்பார்க்கு மட்டும்னா பரவால்ல, அது ஒரு தடவ வழி போட்டுருச்சுன்னா சும்மா இருக்கற மெயின் சப்ளையே அதே வழியில பாய ஆரம்பிச்சிரும், அதுதான் ஆளை சுடுறது.

அதனாலதான் லீட்டுல கேட்டகரிங்கறத சுருக்கி CATனு, கேட் 2, கேட் 3, கேட் 4னு ரோமன் எண்ணுல போட்டிருப்பாங்க. இது வோல்ட்டு கணக்கு இல்ல, எந்த எடத்துல வெச்சு பாக்கறோம்ங்கற கணக்கு. பிளக் பாயிண்டுல சொருகி ஓடற சாமானுங்க, பிளக் பாயிண்டு, இதெல்லாம் கேட் 2. டிபி பாக்ஸு, செவுத்துக்குள்ள போற வயரிங்கு, த்ரீ பேஸ் மோட்டாரு, அதோட ஸ்டார்ட்டர் பேனல் எல்லாம் கேட் 3. தூண்ல இருந்து வீட்டுக்கு வர்ற லைன், கட்அவுட், கரண்டு மீட்டரு, அந்தப் பக்கமெல்லாம் கேட் 4. சப்ளை வர்ற எடத்துக்கு கிட்ட போகப் போக, கோளாறு ஆனா பாயற கரண்டு பெருசா இருக்கும், வழியில தடுக்க வயரு கம்மி.

ஒரு கணக்கு போட்டு காட்டறேன். கேட் 2 1000 வோல்ட் லீட்டு ஒண்ணு, கேட் 3 600 வோல்ட் லீட்டு ஒண்ணு. பாத்தா 1000 தான் பெருசு மாதிரி தெரியும். ஆனா டெஸ்ட் பண்ணும்போது ரெண்டுக்குமே 6000 வோல்ட் அடிதான் குடுப்பாங்க. வித்தியாசம் என்னன்னா கேட் 2க்கு அடி குடுக்கற சோர்ஸுல 12 ஓம் இருக்கும், கேட் 3க்கு வெறும் 2 ஓம். 6000த்த 12ஆல வகுத்தா 500 ஆம்ப், 2ஆல வகுத்தா 3000 ஆம்ப். ஆறு மடங்கு. அதனால டிபி பாக்ஸ தொறக்கறவனுக்கு 600னு போட்ட கேட் 3 லீட்டு தான் வேணும், 1000னு போட்ட கேட் 2 வேணாம். மீட்டரு கேட் 3, லீட்டு கேட் 2ன்னா மொத்தமும் கேட் 2 தான், மேல ஒரு குரோக்கடைல் கிளிப் மாட்டி அதுல ஒண்ணுமே போடலன்னா அதுக்கும் கீழ. எது கம்மியோ அதான் கணக்கு.

இப்ப முனைக்கு வரேன், எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம் இதுதான். மலிவு லீட்டை எடுத்து பாருங்க, முனையில பளபளன்னு ரெண்டு செண்டிமீட்டர் கிட்ட கம்பி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். லீட்டுக்குன்னே இருக்கற ஐஇசி 61010-031 ஸ்டாண்டர்டு, கேட் 3, கேட் 4 வேலைக்கு வெளிய தெரியற உலோகம் 4 மில்லிக்கு மேல இருக்கக்கூடாதுங்குது. நாலு மில்லின்னா ஒரு அரிசி நீளம் கூட இல்ல.

ஏன் அவ்வளவு கறாருன்னு ஒரு வேலைய வெச்சு சொல்றேன். மெயின் ரோட்டுல ஒரு டயர் கடைன்னு வெச்சுக்கங்க, த்ரீ பேஸ் ஏர் கம்ப்ரசரு, சுவிட்ச் போட்டா உர்ர்னு ஒரு சத்தம், சுத்தல. ஒரு பேஸ் போயிருச்சோன்னு சந்தேகம் வரும். ஸ்டார்ட்டர் பாக்ஸ தொறந்து காண்டாக்டர் மேல உள்ள மூணு ஸ்க்ரூவுல, ஒண்ணுக்கும் ரெண்டுக்கும், ரெண்டுக்கும் மூணுக்கும், ஒண்ணுக்கும் மூணுக்கும் பாக்கணும், மூணுலயும் 400 கிட்ட வரணும். இந்த சின்ன காண்டாக்டரு முழுசும் 45 மில்லி அகலம் தான், அதுல மூணு பேஸும் கூட ஒரு ஆக்ஸிலரியும் இருக்கும், அப்ப ஒரு ஸ்க்ரூவுக்கும் அடுத்ததுக்கும் ஒரு செண்டிமீட்டர் சொச்சம். 19 மில்லி நீளமான முனைய அங்க வெச்சிருக்கும்போது பின்னாடி யாரோ கூப்பிட்டு கை கொஞ்சம் சாஞ்சா, ஒரே முனை ரெண்டு ஸ்க்ரூவையும் தொட்டுரும். பேஸுக்கும் பேஸுக்கும் 400 வோல்ட்டு நேரடி ஷார்ட்டு.

இதுல நல்லா கவனிக்க வேண்டியது, அந்த ஷார்ட்டு மீட்டருக்குள்ள போகவே இல்ல. ஒரே முனையில இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் எறங்குது. நீங்க ஆயிரம் வெள்ளி குடுத்து மீட்டரு வாங்கியிருந்தாலும், உள்ள நல்ல செராமிக் ஃபியூஸு இருந்தாலும் அதுக்கு இங்க வேலையே இல்ல. மேல இருக்கற பிரேக்கர் தான் அறுக்கணும், அது எவ்வளவு வேகமா அறுத்தாலும் அதுக்குள்ள முனையும் ஸ்க்ரூவும் கொஞ்சம் உருகி ஆவியா தெறிச்சிரும், உங்க விரலும் மூஞ்சும் ஒரு முழத்துக்குள்ள இருக்கும். அதே எடத்துல 4 மில்லி முனைன்னா சாஞ்சாலும் பக்கத்துல போய் படறது பிளாஸ்டிக்கு. கேட் நம்பரு இன்சுலேஷன பாத்துக்குது, கை நழுவறத பாத்துக்கறது இந்த 4 மில்லி தான்.

சரி, நல்ல லீட்டு வாங்கியும் இந்த ஆபத்துல மாட்டறவங்க இருக்காங்க, எப்படின்னா மூடிய கழட்டி வீசிருவாங்க. இப்ப வர்ற நெறைய லீட்டுல முனைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், போட்டா 4 மில்லி வெளிய, கேட் 3, கழட்டுனா நீட்டு முனை, கேட் 2, அதயே புரோப் மேல எழுதியும் இருப்பாங்க. சில மாடல்ல மூடி இல்லாம திருகுனா உள்ள போயி வெளிய வர்ற மாதிரி இருக்கும், தொலைக்க முடியாது, எனக்கு அதுதான் புடிக்கும். மூடிய ஏன் கழட்டறாங்கன்னா நம்ம 13 ஆம்ப் பிளக் பாயிண்டு, அதுல காண்டாக்டு ஆழமா உள்ள இருக்கு, 4 மில்லி முனை எட்டாது. அங்க கழட்டலாம், அது கேட் 2 எடம் தான், மூடி அதுக்குத்தான் கழட்டற மாதிரி வந்திருக்கு. கழட்டுன மூடி அதுக்கப்புறம் டூல் பேக்குல காணாம போயி, அதே நீட்டு முனையோட மறுநாள் டிபி பாக்ஸுக்குள்ள கை விடறதுதான் தப்பு. பிளக் பாயிண்டு அடிக்கடி பாக்கறவங்க பிளக் மாதிரியே சொருகற சாக்கெட் டெஸ்டர் ஒண்ணு வெச்சுக்கங்க, மேல எர்த் ஓட்டையில ஸ்க்ரூடிரைவர குத்தி ஷட்டர தொறக்கற வித்தையும் தேவைப்படாது.

அடுத்தது, எழுதியிருக்கறத அப்படியே நம்பறது. "கேட் 3 1000 வோல்ட் 20 ஆம்ப்"னு பெருசா அச்சு போட்டிருப்பான், முனை மட்டும் 18 மில்லி நீட்டிக்கிட்டு இருக்கும், மூடியும் கெடையாது. அந்த ரெண்டும் ஒத்தே வராது, கடையில நின்னபடியே தெரிஞ்சிரும் எழுத்து பொய்யின்னு. ஸ்கேல் வெச்சு பாருங்க, கடைக்கார தவுக்கே மொறச்சா மொறைக்கட்டும்லா. விரல் வழுக்கி முன்னாடி போகாம தடுக்கற வளையம் புரோப்புல நல்லா மேடா இருக்கான்னும் பாருங்க, சிலதுல பேருக்கு ஒரு கோடு மாதிரி இருக்கும்.

மீட்டர் பக்கம் இருக்கற பிளக்க யாரும் பாக்கறதில்ல. நல்லதுல பிளக்கோட உலோகத்த சுத்தி பிளாஸ்டிக் ஒரை இருக்கும், பழைய மாதிரி மலிவுல வெறும் உலோகம் வெளிய தெரியும். முனை லைவ்ல சொருகி இருக்கும்போது மீட்டர் கீழ விழுந்து பிளக் கழண்டு வந்துச்சுன்னா, அந்த வெறும் உலோகம் இப்ப 230 வோல்ட்டு, தரையில கெடக்கு, எடுத்து மாட்டலாம்னு கை நீட்டுவோம். ஒரை உள்ளத வாங்கினாலும் உங்க மீட்டர் ஓட்டையில கடைசி வரைக்கும் போயி உக்காருதான்னு பாத்து வாங்குங்க, சில பழைய மீட்டருல பாதியில நின்னுரும்.

வயரு வெளிய நல்லா இருந்து உள்ள அறுந்திருக்கறதும் ஆபத்து தான், ஏன்னா அப்ப மீட்டரு சும்மா 0 காட்டும், நம்மாளு கரண்டு இல்லன்னு நெனச்சு கைய வெச்சிருவான். இதுக்கு ஓம் ரேஞ்சுல வெச்சு ரெண்டு முனையையும் சேத்து புடிங்க, நல்ல லீட்டு அரை ஓமுக்கு கீழ அசையாம நிக்கும். பிளக்கு கிட்டயும் புரோப் கழுத்து கிட்டயும் வயர மடக்கி ஆட்டி பாருங்க, நம்பர் குதிச்சா உள்ள நூல் அறுந்துருக்கு. கரண்டு இல்லன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, கரண்டு இருக்குன்னு தெரிஞ்ச எடத்துல ஒரு தடவ, பாக்க வேண்டிய எடத்துல ஒரு தடவ, திரும்ப அந்த தெரிஞ்ச எடத்துலயே ஒரு தடவ பாக்கணும், நடுவுல லீட்டு செத்துருந்தா கடைசி தடவையில மாட்டிக்கும்.

சில லீட்டுல ரெண்டு அடுக்கு தோலு இருக்கும், உள்ள வேற கலரு, வெள்ள மாதிரி. மேல் தோலு தேஞ்சோ வெட்டுப்பட்டோ உள் கலரு தெரிஞ்சா மாத்த வேண்டியதுதான், கருப்பு டேப் சுத்தறது 6000 வோல்ட்டுக்கு ஒரு மறைப்பே இல்ல. மாத்தும்போது பழச அப்படியே குப்பையில போடாம நடுவுல வெட்டிட்டு போடுங்க, இல்லாட்டி "இது நல்லாத்தான இருக்கு"ன்னு எவனாச்சும் எடுத்து ஸ்டோர்ல மாட்டி வெச்சிருவான்.