பவர் குறைந்ததும் எலெக்ட்ரிக் காரை அணைக்காதீர்கள்

போன மே மாதம், பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு வந்துகொண்டிருந்த என் மச்சானின் எலெக்ட்ரிக் கார், வடுவூருக்குக் கொஞ்சம் முன்னால் இழுவை குறைந்து தவழ ஆரம்பித்தது. திரையில் Reduced Power என்ற எழுத்து, பக்கத்தில் ஆமைச் சின்னம். எவ்வளவு மிதித்தாலும் வேகம் 40ஐத் தாண்டவில்லை. ஓரமாக ஒரு புளியமர நிழலில் நிறுத்தி, காரை அணைத்துவிட்டான். "சூடாயிருக்கு, ஆறட்டும்" என்பது அவன் கணக்கு. பெட்ரோல் காரில் பழகிய யாரும் அதைத்தான் செய்வார்கள். ஐம்பது நிமிடம் கழித்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தியபோது கார் ரெடிக்கே, அதாவது ஓட்டத் தயாரான நிலைக்கே, வரவில்லை.

முதலில் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தஞ்சாவூர் புறவழிச்சாலையில் 15 சதவீதத்திலிருந்து 90 வரை வேகமாக சார்ஜ் ஏற்றிவிட்டு, அடுத்த நிமிடமே ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு 90 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பியிருக்கிறான். பேட்டரிக்குள் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. சார்ஜ் வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு நொடியும் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். சார்ஜ் ஏறும் நேரம் பாதியாகிவிடும் என்றாலும் மொத்தச் சூடு இரண்டு மடங்கு. வெயிலில் ஏற்கெனவே காய்ந்திருந்த பெரிய பேட்டரி பேக்கில் அது சேர்ந்துகொண்டது. 45, 50 டிகிரியை நெருங்கும்போது பேட்டரியைக் கவனிக்கும் கணினி, செல்களைக் காப்பாற்ற பவரைப் பிடித்துவைக்கும். எத்தனை டிகிரியில் என்பது காருக்குக் கார் மாறும். காரின் கணினித் தகவலை எடுத்துத் தரும் ஓபிடி கருவியை மாட்டி, பேட்டரிச் சூட்டை போனில் பார்க்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. அப்போது 48 காட்டியதாம். அதுவரைக்கும் கோளாறு என்று ஒன்றும் கிடையாது. கார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

தவறு அணைத்ததில் இருக்கிறது. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பேக் அது, கட்டியான அடுப்புக்கல் மாதிரி. நிழலில் சும்மா நிறுத்தினால் சீக்கிரம் ஆறாது. அதைக் குளிர வைப்பது கூலன்ட் பம்பும் ஏசியோடு இணைந்த குளிரூட்டியும்தான். பல கார்களில் ரெடியை அணைத்ததும் அவையும் நின்றுவிடும். அதனால் சூடு எச்சரிக்கை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கியரை பார்க்கில் போட்டு, ரெடியிலேயே விடுங்கள். முன்பக்கம் ஃபேன் சத்தம் கேட்டால் குளிரூட்டல் நடக்கிறது என்று பொருள். கேபினுக்கு ஏசியைக் குறைத்துவிட்டால் பேட்டரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், அணைத்தபோது சின்ன பேட்டரிக்கு நடந்தது. எலெக்ட்ரிக் காரிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. ஹெட்லைட், பூட்டு, திரை, கணினிகள், பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர்கள் எல்லாம் அதை நம்பித்தான் விழிக்கின்றன. அதை சார்ஜ் செய்வது டிசி-டிசி கன்வெர்ட்டர், பெரிய பேட்டரியிலிருந்து எடுத்து. கார் ரெடியில் இல்லையென்றால் பெரும்பாலும் அந்த வரத்து இல்லை. மச்சானோ ஹசார்ட் விளக்கைப் போட்டு, திரையும் ப்ளோயரும் ஓடும்படி ஆக்ஸசரி நிலையில் வைத்து உட்கார்ந்திருந்தான். அந்தச் சின்ன பேட்டரிக்கு நான்கு வயது. நம் ஊர் வெயிலில் ஈய அமில பேட்டரிக்கு அது நல்ல முதுமை. ஐம்பது நிமிடத்தில் அது படுத்துவிட்டது. பெரிய பேட்டரியில் எண்பது சதவீதம் சார்ஜ் இருந்தும் அதைத் திறந்துவிட ஆள் இல்லை.

பக்கத்து ஊரிலிருந்து வந்த டிராக்டர் மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 11.4 வோல்ட். "தம்பி, இது சூடு இல்ல, பசி" என்றார். அவர் சொன்னது சரி. ஓய்வாக இருக்கும் நல்ல ஈய அமில பேட்டரி 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி, 11.8க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. இன்ஜினை அணைத்த டிராக்டரின் பேட்டரியிலிருந்து சிவப்பு வயரை நேர்முனைக்கும், கறுப்பை காரின் உடல் உலோகத்துக்கும் கொடுத்தார். சுற்ற வேண்டிய ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லாததால் கொஞ்ச மின்சாரமே போதும். கார் ரெடிக்கு வந்தது. வயரை எடுத்ததும் மீட்டர் 14.1 காட்டியது, கன்வெர்ட்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த இடத்தில் 13க்குக் கீழேயே நின்றிருந்தால் ஓட்டவே கூடாது, வழியில் எங்கே அணையும் என்று சொல்ல முடியாது. (சில கார்களில் சின்ன பேட்டரி லித்தியமாக இருக்கும். அதற்கு இந்த எண்கள் பொருந்தாது, கையேட்டைப் பாருங்கள். ஜம்ப் கொடுக்கும் இடமும் அதில் இருக்கும். உங்கள் எலெக்ட்ரிக் காரிலிருந்து அடுத்த வண்டிக்கு ஜம்ப் கொடுக்க மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், கன்வெர்ட்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.)

அப்போது பேக் 46 டிகிரி. ஐம்பது நிமிடம் அணைத்துவைத்ததில் குறைந்தது வெறும் இரண்டு டிகிரி. ரெடியில் விட்டு இருபத்தைந்து நிமிடத்தில் 40க்கு வந்தது, ஆமையும் போய்விட்டது.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? சூட்டால் வரும் பவர் குறைவு வெயிலிலோ வேகச் சார்ஜுக்குப் பிறகோ படிப்படியாக வரும், ஆற ஆற விலகும். சின்ன பேட்டரியால் வருவது பெரும்பாலும் நிறுத்திவைத்த காரை எடுக்கும்போது வரும். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் ஒரேயடியாக எரியும், திரை மங்கும் அல்லது தானே மறுபடி ஆரம்பிக்கும், கதவுப் பூட்டு சோம்பும். சார்ஜ் பத்து சதவீதத்துக்குக் கீழே போனாலும் ஆமை வரலாம், அதனால் முதலில் சார்ஜைப் பாருங்கள்.

டெல்டாவுக்கே உரிய ஒரு காரணத்தையும் அன்று பார்த்தோம். கோடை நெல் அறுவடை நேரம், வழியெல்லாம் சாலையில் நெல்லும் வைக்கோலும் காய்ந்துகொண்டிருந்தன. முன் கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ரேடியேட்டர் முகத்தில் பதரும் வைக்கோல் துணுக்குமாக ஒரு பாய் விரித்திருந்தது. காற்றே புகாமல் எந்தக் குளிரூட்டி என்ன செய்யும்? மென்மையான பிரஷ்ஷால் தள்ளினோம். அழுத்தத் தண்ணீரைக் கிட்டத்தில் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். அறுவடை மாதங்களில் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். கூலன்ட் குறைந்திருந்தால் ஆற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றாதீர்கள். பேட்டரிச் சுற்றுக்கு மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் தனிவகைக் கூலன்ட் கேட்கும் கார்கள் உண்டு.

கார் நின்றுவிட்டால் கயிற்றைக் கட்டி டிராக்டரில் இழுப்பது இங்கே உடனே வரும் யோசனை. வேண்டாம். ஓட்டும் சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கும், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வெர்ட்டர் கெட்டுப்போகலாம். தட்டு லாரிதான் சரி. எச்சரிக்கை போகட்டும் என்று 12 வோல்ட் முனையைக் கழற்றி மாட்டுவதும் வேண்டாம், பிழைக்குறி அழிந்தால் சர்வீஸில் காரணம் தேடுவது கஷ்டமாகிவிடும். பேக் பக்கமிருந்து இனிப்பான ரசாயன வாடையோ புகையோ சீறும் சத்தமோ வந்தால் மட்டும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. எல்லோரும் இறங்கித் தள்ளிப்போய் 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள்.

மறுநாள் சின்ன பேட்டரியை மாற்றினான். இப்போது தஞ்சாவூரில் 70 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறான், மன்னார்குடிக்கு அதில் பாதிகூடச் செலவாவதில்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் ஒரு வோல்ட் மீட்டரும் வாங்கி வைத்திருக்கிறான்.