முள் இறங்கிய பிறகே பூட்டு: கேஸ் செட்டை மூடும் முறை

கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையோரம் லாரி பாடி வேலை பார்க்கும் ஒரு பட்டறை. ராத்திரி எட்டு மணி. அசிட்டிலினும் ஆக்சிஜனும் கலந்து எரியும் கேஸ் செட்டில் சேஸிஸ் கட்டிங் முடிந்து, டார்ச்சின் இரண்டு திருகையும் மூடிவிட்டு மேஸ்திரி கை கழுவப் போய்விட்டார். தொழில் கற்றுக்கொள்ளும் பையன் சிலிண்டர் மேலிருக்கும் ரெகுலேட்டரின் அழுத்த மீட்டரைப் பார்த்தான்.

"அண்ணா, முள்ளு இன்னும் நிக்குது."

"டார்ச் மூடியாச்சுல்ல, வாடா."

டார்ச்சை மூடினால் தீ அணையும், அவ்வளவுதான். சிலிண்டரிலிருந்து டார்ச் வரை ஹோஸ் முழுக்க அழுத்தத்தோடு கேஸ் நிற்கும். ஹோஸில் எங்கே ஓட்டை விழுந்தாலும் சிலிண்டர் தீரும்வரை கசியும். காற்றில் அசிட்டிலின் 2.5 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும்.

பையன் செய்தது இதுதான். முதலில் மெரூன் நிற அசிட்டிலின் சிலிண்டர். அதன் வால்வில் மாட்டியிருந்த சாவியைக் கடிகாரச் சுற்றில் திருப்பி மூடினான். பிறகு கறுப்பு நிற ஆக்சிஜன் சிலிண்டர்.

உடனே கேஸை வெளியேற்றிவிடாதீர்கள். டார்ச் மூடியபடியே இருக்க, ஐந்து நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். தானாக இறங்கினால் ஹோஸிலோ ஜாயின்டிலோ கசிவு இருக்கிறது. சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கசிவு தேடத் தீக்குச்சி கிழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். எண்ணெய், கிரீஸ் பட்ட கையோடு ஆக்சிஜன் வால்வைத் தொடவும் கூடாது.

அன்று முள் அசையவில்லை. அடுத்து, பக்கத்தில் நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில் டார்ச்சைப் பிடித்து, அசிட்டிலின் திருகை மட்டும் திறந்தான். புஸ்ஸென்று சத்தம் வந்து அடங்கியது. அந்த ரெகுலேட்டரின் இரண்டு முள்ளும் பூஜ்யத்துக்கு வந்தன. அதை மூடிவிட்டு ஆக்சிஜனுக்கும் அதே போல. ஒன்றை மூடாமல் மற்றதைத் திறந்தால் ஒரு கேஸ் இன்னொன்றின் ஹோஸுக்குள் ஏறிவிடும்.

கடைசியில் ரெகுலேட்டர் திருகை இடப்பக்கமாகச் சுற்றி, லூசாகும்வரை தளர்த்தினான். இறுக்கமாகவே விட்டால் காலையில் சிலிண்டரைத் திறந்தவுடன் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் அடிவாங்கும்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கருகிய நாற்றம். கட்டிங்கில் தெறித்த கசடு ஒன்று வேஸ்ட் துணிக்குள் விழுந்து ராத்திரியெல்லாம் புகைந்திருக்கிறது. மேலே கிடந்த சிவப்பு ஹோஸ் ஒரு சாண் நீளத்துக்கு உருகி, உள் நூல் தெரிந்தது. உள்ளே கேஸ் இல்லாததால் ரப்பரோடு போயிற்று. இருந்திருந்தால் ஓட்டையிலேயே தீ பிடித்து, சிலிண்டர் பக்கம் சீறியிருக்கும்.

மேஸ்திரி உருகிய துண்டை வெட்டிவிட்டு, ஏசி வேலையில் மிஞ்சிய செம்புக் குழாயை நடுவில் செருகப் பார்த்தார். அசிட்டிலினோடு செம்பு சேர்ந்தால் தட்டினாலே வெடிக்கும் உப்பு உருவாகும். இன்சுலேஷன் டேப்பும் தாங்காது. மதியத்துக்குள் புது ஹோஸ் வந்தது.