முப்பது நிமிட டாரோட் அமர்வு: முதலில் கேள்வியைச் சரிசெய்யுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் டாரோட் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்த கையோடு வருவார்கள். வெளியே கணவரோ மகனோ மோட்டாரில் காத்திருப்பார். அதனால் அரை மணி என்றால் அரை மணிதான். வரவேற்க ஐந்து நிமிடம், கேள்வியைத் தெளிவாக்கப் பத்து, கார்டுகளைப் பார்க்கப் பத்து, முடிக்க ஐந்து என்று நான் பிரித்துக்கொள்கிறேன். புதிதாகக் கார்டு பார்த்துச் சொல்கிறவர்கள் கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடத் தருவதில்லை. பிறகு எந்தக் கார்டு வந்தாலும் பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது.

வரவேற்பு

உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். கட்டணத்தை முன்பே போனில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்ல வேண்டியவை மூன்றுதான்: எத்தனை மணிக்கு முடியும், இங்கே பேசுவது வெளியே போகாது, எதைப் பார்க்க மாட்டீர்கள். நோய்க்கும் கோர்ட் வழக்குக்கும் நான் கார்டு எடுப்பதில்லை. லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டாலும் இல்லை என்று அப்போதே சொல்லிவிடுவேன்.

ரகசியம் பற்றி அழுத்திச் சொல்லுங்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர் இது. "போன வாரம் உங்கள் நாத்தனார்கூட வந்தாங்க" என்று நீங்கள் ஒரு வார்த்தை விட்டால் போதும், எதிரே இருப்பவர் அதற்கு மேல் மனம் திறக்க மாட்டார்.

கேள்வியைத் தெளிவாக்குதல்

ஓர் உதாரணம். ஓர் அக்கா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "என் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகப் போறான். நல்லா இருப்பானாம்மா?"

இப்படியே கார்டு எடுக்காதீர்கள். மகன் இங்கே இல்லை, அவன் சம்மதமும் இல்லை. அதோடு, ஆமாம் அல்லது இல்லை என்ற பதிலை வைத்துக்கொண்டு அந்த அக்கா என்ன செய்வார்? அதனால் முதலில் கேளுங்கள்: "அவன் போறதுல உங்களை எதுக்கா ரொம்ப உறுத்துது?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவசரப்பட்டு நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கொஞ்ச நேரத்தில் அவரே சொல்வார்: "நான்தான் வேணாம்னு சொன்னேன். அதுல இருந்து வீட்டுல அவன் சரியா பேசறதில்ல." உண்மையான கேள்வி இதுதான். அடுத்து, "இதில் உங்கள் கையில் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொன்ன சொற்களை வைத்தே ஒரு தாளில் ஒரே வரியாக எழுதுங்கள்: "மகன் கிளம்புவதற்குள் நான் அவனிடம் எப்படிப் பேசலாம்?"

எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். "ஆமா, அதேதான்" என்று சட்டென்று வந்தால் சரி. "ம்ம்... அப்படியும் வச்சிக்கலாம்" என்று இழுத்தால் அது இன்னும் உங்கள் கேள்விதான், அவருடையது ஆகவில்லை. மறுபடியும் கேட்டு மாற்றுங்கள். பத்து நிமிடம் முடிந்த பிறகும் இரண்டு கேள்விகள் நின்றால், எது முதலில் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று கார்டுகள்

ரைடர்-வெயிட் டாரோட் சீட்டுக்கட்டில் 78 கார்டுகள் உண்டு. அரை மணிக்கு மூன்று போதும். இடங்களுக்கு முன்கூட்டியே பெயர் வையுங்கள்: நான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், என்ன நடந்துகொண்டிருக்கிறது, எப்படித் தொடங்கலாம்.

நாணயம் நான்கு, வாள் ஆறு, கோப்பைப் பணியாள் வந்ததாக வைத்துக்கொள்வோம். அர்த்தத்தை ஒப்பிக்காமல் படத்தைக் காட்டி, "இதில் என்ன தெரியுதுக்கா?" என்று கேளுங்கள். நாணயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை அந்த அக்காவே அடையாளம் கண்டுகொள்வார். வாள் ஆறில் படகு ஏற்கெனவே கரையை விட்டுவிட்டது. பேச்சு இப்போது தடுப்பதைப் பற்றியது அல்ல, வழியனுப்புவதைப் பற்றியது என்று அங்கே சொல்லலாம். மூன்றாவதில் ஓர் இளைஞன், தன் கோப்பையிலிருந்து தலை நீட்டும் மீனை ஆசையாகப் பார்க்கிறான். "அங்கே என்ன வேலை, யாரோடு தங்கப் போற?" என்று மகனிடம் ஆசையோடு விசாரிப்பதிலிருந்து தொடங்கலாம்.

"இன்னொரு கார்டு எடுங்களேன்" என்று கேட்டால் எடுக்காதீர்கள். பெரும்பாலும் மூன்றில் ஏதோ ஒன்று அவருக்குப் பிடிக்கவில்லை என்று பொருள். "இதில் எது மனசுக்கு ஒப்பலை?" என்று கேட்டு அந்தக் கார்டிலேயே நில்லுங்கள்.

முடித்தல்

ஐந்து நிமிடம் இருக்கும்போது, "இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிச்சிக்கலாம்க்கா" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், கேட்டதில் எது மனதில் நின்றது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாத ஒன்றை, "அப்போ அவன் கண்டிப்பா திரும்பி வந்துடுவான், இல்ல?" என்பது போல, சொன்னால் அங்கேயே திருத்துங்கள். கார்டு அப்படி உறுதி தரவில்லை என்று தன்மையாகச் சொல்லுங்கள். இந்த வாரம் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை அவர் வாயாலேயே வரவழையுங்கள்.

அவர் அழுதால் கார்டுகளை மூடி வைத்துவிட்டு, அழுது முடிக்கும் வரை இருங்கள். அந்த நேரத்தில் விளக்கம் வேண்டாம். கேள்வி எழுதிய தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

செருப்பு மாட்டும்போது பலர் புதுக் கேள்வி ஒன்றைத் தொடங்குவார்கள், அதுவும் வீட்டுக்காரரின் குடி போன்ற கனமான விஷயமாக இருக்கும். நின்றபடியே பதில் சொல்லாதீர்கள். "இது முக்கியம்க்கா, இதுக்குத் தனியா உட்காரணும்" என்று சொல்லி வேறொரு நாள் குறித்துக் கொடுங்கள். அடி, மிரட்டல் என்று ஏதாவது காதில் விழுந்தால் மட்டும் நேரம் பார்க்காதீர்கள். அதற்கு டாரோட் வேண்டாம்; 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள்.